ஆர்டர் எங்கே தொடங்குகிறது?
ஐந்து கட்டப் படம்: ஒரு பாடம்

வெளிமாநிலத்துக்குப் பிழைக்க வந்த நம் குடும்பங்களில் சிறிய ஏற்றுமதி நிறுவனம் நடத்துவோர் பலர். அத்தகைய நிறுவனங்களில் கணக்கு எழுதுவோரும், கடிதப் போக்குவரத்தைக் கவனிப்போரும், பேக்கிங் பார்ப்போரும் அதைவிடப் பலர். சரக்கு தாமதமாகப் போகும்போதெல்லாம் அங்கே எழும் கேள்வி ஒன்றே: "யார் செய்த தவறு?" அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது: "எந்த வேலையைப் பற்றிப் பேசுகிறோம்? அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?" இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரே தாளில் விடை எழுதும் முறையைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

தாளில் ஐந்து பத்திகள் இருக்கும். தருபவர், வருவது, வேலை, போவது, பெறுபவர் என்பவை அவற்றின் தலைப்புகள். சப்ளையர், இன்புட், பிராசஸ், அவுட்புட், கஸ்டமர் என்ற ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து இதைத் தொழிற்சாலைகளில் 'சைபாக்' படம் என்பார்கள். பொருளைத் தருபவர் முதல் அதைப் பயன்படுத்துபவர் வரை எல்லாரையும் ஒரே சங்கிலியாகப் பார்க்க வேண்டும் என்பதை டெமிங் 1950இல் ஜப்பானிய நிறுவனத் தலைவர்களுக்குப் படம் போட்டே காட்டினார். அந்தப் பார்வையின் வழிவந்ததே இந்தத் தாள். பின்னாளில் வந்த சிக்ஸ் சிக்மா முறையில், எதையும் அளப்பதற்கு முன்னால், வேலையின் எல்லையை வரையறுக்கும் முதல் கட்டத்திலேயே இதை வரையச் சொல்கிறார்கள்.

முறையை மட்டும் சொன்னால் புரியாது. நான் கூட இருந்து பார்த்த ஒரு நிறுவனத்தை வைத்தே சொல்கிறேன்.

தாராவியில் ஒரு நிறுவனம்

மும்பை தாராவியில் தோல் வேலையும் திருநெல்வேலித் தமிழரும் பல தலைமுறைப் பழக்கம். அங்கே ஓர் அண்ணாச்சி தோல் பர்ஸ், பெல்ட், பெண்களுக்கான சிறு கைப்பை ஆகியவற்றைச் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்பி வருகிறார். மேல்மாடியில் பட்டறை. அங்கே ஒரு மேஸ்திரியும் பதினாறு காரிகர்களும். கீழே சின்ன அலுவலகம். அண்ணாச்சியின் மகள் வாங்குபவர்களின் ஈமெயில்களைக் கவனிக்கிறார். ஒரு கணக்கர் இருக்கிறார். பேக்கிங் செய்து சரக்கை அனுப்பி வைக்க ஓர் இளைஞர்.

2022ஆம் ஆண்டு ஜெர்மனியிலிருந்து வாங்கும் பெரிய வாடிக்கையாளர் ஒரு கடிதம் எழுதினார். கடைசிப் பன்னிரண்டு ஆர்டர்களில் ஐந்து, சொன்ன நாளுக்குப் பிந்தி வந்தன. இப்படியே போனால் அடுத்த சீசனுக்கு வேறு இடம் பார்க்க நேரும் என்பதே கடிதத்தின் சாரம். நிறுவனத்தின் வியாபாரத்தில் பாதிக்கு மேல் அவருடையது. அது போய்விட்டால் மேல்மாடியில் பாதிப் பேருக்கு வேலை இராது.

அண்ணாச்சிக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்தது. "பேக்கிங்தான். ஒவ்வொரு தடவையும் கடைசி நாள்ல பெட்டியைக் கட்டிட்டு நிக்கிறான். ஆளை மாத்தணும்" என்றார். மகளோ, "ஆளை மாத்தி என்னப்பா ஆகப்போகுது? ஆர்டருக்கெல்லாம் ஒரு சாஃப்ட்வேர் போடுவோம்" என்றார். இரண்டில் எதைச் செய்வது என்று என்னிடம் கேட்டார்கள். ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். "இரண்டையும் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். முதலில் எல்லாரும் ஒரு மணி நேரம் உட்காருவோம்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி, மகள், கணக்கர், மேஸ்திரி, பேக்கிங் இளைஞர் ஆகிய ஐவரும் வந்தார்கள். இந்தப் படத்தை முதலாளி தனியாக உட்கார்ந்து வரையக் கூடாது. வரைந்தால், வேலை எப்படி நடக்கிறது என்பது தாளில் வராது. எப்படி நடப்பதாக அவர் நினைக்கிறார் என்பதுதான் வரும்.

முதல் படி: இரண்டு எல்லைகள்

தாளில் இடப்பக்கம்தான் முதலில் இருக்கிறது என்பதற்காக அங்கிருந்து தொடங்கக் கூடாது. நடுவிலுள்ள 'வேலை'யில் தொடங்க வேண்டும். அதிலும், படிகளை எழுதுவதற்கு முன் தொடக்கத்தையும் முடிவையும் எழுத வேண்டும்.

"ஆர்டர் எப்போது தொடங்குகிறது?" என்று கேட்டேன். பர்ச்சேஸ் ஆர்டர் ஈமெயிலில் வந்து சேர்ந்த அன்று என்றார் அண்ணாச்சி. வாங்குபவர் மாதிரிக்கு ஒப்புதல் தந்த பிறகுதான் என்றார் மகள். முன்பணம் வங்கிக்கு வரட்டும், இல்லையென்றால் எல்.சி. கைக்கு வரட்டும், அதுவரை ஆர்டரே இல்லை என்றார் கணக்கர். மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "எனக்கு ஜாப் கார்டு மேல வந்தாத்தான் ஆர்டர்" என்றார்.

ஒரே அலுவலகத்தில் நான்கு தொடக்கங்கள்! நிறுவனம் தரும் புரோஃபார்மா இன்வாய்ஸில், 45 நாளில் சரக்கை நவா சேவா துறைமுகக் கிடங்கில் ஒப்படைப்பதாக எழுதியிருக்கிறது. எந்த நாளிலிருந்து 45 என்று அதில் இல்லை. ஜெர்மனிக்காரர் பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்பிய நாளிலிருந்து எண்ணுகிறார். மேஸ்திரி கார்டு வந்த நாளிலிருந்து எண்ணுகிறார். இருவரும் தத்தம் கணக்கில் சரியாகத்தான் எண்ணுகிறார்கள்.

முடிவு எங்கே என்பதிலும் இதே கதைதான். பெட்டி வாசலைத் தாண்டினால் முடிந்தது என்றார் ஒருவர். பணம் வந்தால்தான் முடிந்தது என்றார் மற்றொருவர். பேசிப் பேசிக் கடைசியில் இப்படித் தீர்மானித்தோம். தொடக்கம்: வாங்குபவரின் பர்ச்சேஸ் ஆர்டர் ஈமெயிலில் வந்து சேர்வது. முடிவு: சரக்கு அனுப்பிய ஆவணங்களை நம் வங்கியில் ஒப்படைப்பது. விலை கேட்டு வரும் கடிதம், விலை சொல்வது, மாதிரி செய்வது ஆகியவை தொடக்கத்துக்கு முன்னால் நிற்பவை. பணம் வருவது முடிவுக்குப் பின்னால் நிற்பது. அவையும் முக்கியமானவைதான், ஆனால் இந்தத் தாளில் அவற்றுக்கு இடமில்லை.

எல்லையைத் தேர்வதற்கு ஒரு வழி உண்டு. தொடக்கமும் முடிவும் தேதி போட்டுக் காட்டக்கூடிய நிகழ்ச்சிகளாக இருக்க வேண்டும். 'ஆர்டர் உறுதியானதும்' என்று எழுதினால் அதற்குத் தேதி கிடையாது. 'ஈமெயில் வந்ததும்' என்றால் உண்டு.

இரண்டாம் படி: வேலை

இரண்டு எல்லைகளுக்கும் நடுவே நான்கு முதல் ஏழு படிகள் போதும். ஒவ்வொரு படியும் ஒரு செயலாக இருக்க வேண்டும். 'அக்கவுண்ட்ஸ்', 'பேக்கிங்' என்று பிரிவின் பெயரையோ ஆளின் பெயரையோ எழுதினால், படம் வேலையை விட்டுவிட்டு ஆளைச் சுட்டத் தொடங்கிவிடும். நாங்கள் எழுதியவை ஆறு.

1. ஆர்டரைப் பெற்றுப் பதிவு செய்தல்
2. ஆர்டரைப் புரோஃபார்மாவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல்
3. தேதி குறித்து உறுதிக் கடிதம் அனுப்புதல்
4. ஜாப் கார்டு எழுதிப் பட்டறைக்குத் தருதல்
5. சரக்கைச் செய்து, சோதித்து, பேக் செய்தல்
6. ஏற்றுமதி ஆவணங்கள் தயாரித்து, சரக்கை அனுப்பி, ஆவணங்களை வங்கியில் தருதல்

ஐந்தாம் படியைக் கண்டதும் மேஸ்திரிக்கு மனத்தாங்கல். வெட்டுதல், ஓரம் சீவுதல், ஒட்டுதல், தைத்தல், முத்திரை குத்துதல் என்று அவருடைய பட்டறையில் மட்டும் பத்து வேலைகள் இருக்கின்றன. அத்தனையையும் ஒரே வரியில் அடக்கிவிட்டோமே என்றார். வேண்டுமென்றேதான் அடக்கினோம். நாம் ஆராய்வது ஆர்டர் கையாளும் முறையை, தையலை அன்று. பட்டறை இப்போதைக்கு மூடிய பெட்டி. அதற்குள்தான் கோளாறு என்று பின்னால் தெரிந்தால், அதற்கென்று தனித் தாள் போடலாம். ஒரே தாளில் எல்லாவற்றையும் அடைத்தால் இருபது படிகள் வரும், எல்லை மறைந்துபோகும்.

மூன்றாம் படி: போவதும் பெறுபவரும்

அடுத்து வலப்பக்கம். இந்த வேலையிலிருந்து என்னென்ன வெளியே போகின்றன, ஒவ்வொன்றையும் யார் பெறுகிறார்கள்? 'போவது' எப்போதும் கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். 'நல்ல சேவை', 'திருப்தி' என்றெல்லாம் எழுதக் கூடாது.

உறுதிக் கடிதம் → வெளிநாட்டு வாங்குபவர்
ஜாப் கார்டு → மேஸ்திரி
தோல், ஜிப், பக்கிள் வாங்கும் பட்டியல் → அண்ணாச்சி (கொள்முதல் அவர் கையில்)
குறியிட்ட பெட்டிகள் → சரக்கு ஏஜென்ட் வழியாக வாங்குபவர்
இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் → கஸ்டம்ஸ் புரோக்கர்
ஆவணத் தொகுதி → நம் வங்கி

பெறுபவர் என்றால் வெளிநாட்டுக்காரர் மட்டும்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். பட்டியலில் அவர் இரண்டு இடத்தில்தான் வருகிறார். மற்ற நான்கில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கஸ்டம்ஸ் புரோக்கர் நம்மிடம் காசு வாங்குபவர்தான். ஆனாலும் நம் இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் சரியாகக் கிடைத்தால்தான் அவரால் ஷிப்பிங் பில் தாக்கல் செய்ய முடியும். ஆகவே அந்தத் தாள்களைப் பொறுத்தவரை அவர் பெறுபவர். மேல்மாடியில் இருக்கும் மேஸ்திரியும் அப்படித்தான்.

ஒவ்வொரு பெறுபவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: "இது உங்களுக்கு எப்படி வந்தால், மறுபேச்சில்லாமல் வேலையைத் தொடங்குவீர்கள்?" மேஸ்திரியிடம் இதைக் கேட்டபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கார்டுல தோலோட நிற எண் இருக்கணும். பக்கிள் பித்தளையா நிக்கலான்னு இருக்கணும். எந்த முத்திரை அச்சு, உள் துணி என்னன்னு இருக்கணும். பாதிக் கார்டுல ஏதாவது ஒண்ணு இருக்காது. நான் கீழ வந்து கேட்பேன். பாப்பா ஜெர்மனிக்கு மெயில் போடும். அந்தக் கார்டு அப்படியே ஆணியில தொங்கும்."

இதை அவர் முன்பு ஒருநாளும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

நான்காம் படி: வருவதும் தருபவரும்

கடைசியாக இடப்பக்கம். மேற்படி ஆறு படிகளும் நடப்பதற்கு எவை எவை வந்து சேர வேண்டும், அவற்றைத் தருபவர் யார்?

வெளிநாட்டு வாங்குபவர் → பர்ச்சேஸ் ஆர்டர், ஒப்புதல் பெற்ற மாதிரி, முன்பணம்
நம் அலுவலகம் → புரோஃபார்மா இன்வாய்ஸ்
வாங்குபவரின் வங்கி, நம் வங்கி வழியாக → எல்.சி.
சென்னை, கான்பூர் வியாபாரிகள் → தோல்
உள்ளூர்க் கடைகள் → ஜிப், பக்கிள், உள் துணி
சரக்கு ஏஜென்ட் → கிடங்கில் சரக்கு ஏற்கும் கடைசி நாள்
? → லேபிள் வாசகம், பெட்டிக் குறி

வாங்குபவர் இரு பக்கத்திலும் வருவதைக் கவனியுங்கள். சரக்கைப் பெறுபவரும் அவரே, ஆர்டரைத் தருபவரும் அவரே. தருபவர் என்ற முறையில் அவரிடமிருந்து நமக்கு என்ன வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த உரிமையை மறந்துவிடுகின்றன. குறையுள்ள ஆர்டரையும் கும்பிட்டு வாங்கிக்கொள்கின்றன.

கடைசி வரியிலுள்ள கேள்விக்குறி அச்சுப் பிழை அல்ல. லேபிளில் என்ன எழுத வேண்டும், பெட்டியின் மேல் என்ன குறி போட வேண்டும் என்பதைத் தருபவர் யார் என்று கேட்டபோது யாருக்கும் விடை தெரியவில்லை. ஆர்டரோடு வரும் என்றார் மகள். பேக்கிங் இளைஞர் தயங்கித் தயங்கி, "சில தடவை வரும் அக்கா. வரலைன்னா போன தடவை போட்டதையே போடுவேன். சந்தேகமா இருந்தா உங்ககிட்டக் கேட்டுட்டுக் காத்திருப்பேன்" என்றார். அண்ணாச்சி கண்ட 'கடைசி நாள் பெட்டி கட்டல்' ஓரளவு இந்தக் காத்திருப்புத்தான்.

வெற்றுக் கட்டம் இந்தப் படத்தின் மிகப் பயனுள்ள பகுதி. தருபவர் இல்லாத வரவும் பெறுபவர் இல்லாத போக்கும் கண்ணில் பட்டால் அங்கே நின்றுவிடுங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள். கேள்விக்குறி போட்டு அப்படியே விடுங்கள்.

வரவு எந்தப் படிக்கு?

வருவதையெல்லாம் எழுதி முடித்தபின், ஒவ்வொன்றும் ஆறு படிகளில் எதற்கு வேண்டும் என்று அதன் அருகில் எண் போட வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. எங்களுக்கு இதில்தான் இன்னொன்று புலப்பட்டது.

எல்.சி. எந்தப் படிக்கு என்று கேட்டேன். "ஆறாவதுக்கு" என்றார் கணக்கர் உடனே. எல்.சி. வந்ததும் அவர் ஃபைலில் வைப்பார். சரக்கு போகும் நாளில் ஆவணம் தயாரிக்க எடுப்பார். எல்.சி.க்களுக்கான சர்வதேச விதிகளான யு.சி.பி. 600இன்படி, இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரம் எல்.சி.யில் உள்ள விவரத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் வங்கி அதைக் குறையாகக் காட்டிப் பணத்தை நிறுத்தி வைக்கலாம். முந்திய ஆண்டு இரண்டு முறை அப்படி நடந்திருக்கிறது. ஒரு முறை, ஆர்டரில் இருந்த பையின் மாடல் எண் ஒன்று, எல்.சி.யில் இருந்தது வேறொன்று. அது தெரியவந்தபோது சரக்கு கடலில் இருந்தது.

எல்.சி.யை இரண்டாம் படியிலேயே, ஆர்டரை ஒப்பிடும்போதே திறந்து பார்த்திருந்தால், வாங்குபவரிடம் சொல்லித் திருத்தம் பெற ஒரு மாத அவகாசம் இருந்திருக்கும். தாள் அதேதான், வாசிக்கும் ஆளும் அவரேதான். வாசிக்கும் நேரம்தான் தவறு. ஆகவே எல்.சி.க்கு எதிரே 2, 6 என்று இரண்டு எண்கள் போட்டோம். சரக்கு ஏஜென்ட் சொல்லும் கடைசி நாளும் அப்படியே. அது பேக்கிங் இளைஞரிடம் மட்டுமே வந்துகொண்டிருந்தது. வாங்குபவருக்குத் தேதி சொல்லும் மகளுக்கு மூன்றாம் படியிலேயே அது தேவை.

படம் சொல்லாதது

ஒரு மணி நேரம் என்று சொன்னது இரண்டரை மணி நேரமாயிற்று. தாள் நிரம்பியது. "அப்போ தாமதத்துக்குக் காரணம் ஜாப் கார்டுதான்" என்றார் அண்ணாச்சி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. படம் அப்படிச் சொல்லவில்லை. இந்தப் படத்தில் நாள் கணக்கு கிடையாது. ஒரு வேலை எத்தனை முறை திரும்பி வந்தது என்பதும் கிடையாது. எங்கே அளந்து பார்க்க வேண்டும் என்பதை மட்டுமே அது காட்டும். காரணத்தைத் தேதிகள்தான் சொல்ல வேண்டும்.

மறுவாரம் மகளும் நானும் அந்தப் பன்னிரண்டு ஜெர்மன் ஆர்டர்களின் ஃபைல்களை எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் மூன்று இடைவெளிகளைக் குறித்தோம்: ஆர்டர் ஈமெயில் வந்த நாளிலிருந்து முழு விவரத்தோடு கார்டு மேலே போன நாள் வரை, அதிலிருந்து சரக்கு தைத்து முடிந்த நாள் வரை, அதிலிருந்து பெட்டி கட்டி முடிந்த நாள் வரை.

பட்டறைக்கு எல்லா ஆர்டரிலும் ஏறத்தாழ 26 நாள். ஒன்றிரண்டு நாள் முன்பின். பேக்கிங்குக்கு 3 நாள். ஏறி இறங்கியது முதல் இடைவெளிதான். சரியான நேரத்தில் போன ஏழு ஆர்டர்களில் அது 4, 5, 5, 6, 7, 8, 13 நாள். பிந்திப்போன ஐந்தில் 11, 12, 14, 15, 16 நாள்.

13 நாள் ஆன ஓர் ஆர்டர் எப்படிச் சரியான நேரத்தில் போயிற்று என்று கேட்பீர்கள். இவர்களுடைய சரக்கு முழுக் கண்டெய்னர் அளவுக்கு வராது. பலருடைய சரக்கோடு சேர்த்து அனுப்பும் ஏஜென்ட், வாரத்தில் ஒரு நாள்தான் கிடங்கில் ஏற்றுக்கொள்கிறார். அந்த ஆர்டர் முடிந்த நாளும் அந்த நாளும் தற்செயலாக ஒன்றாயின. 11 நாள் ஆன ஆர்டரோ 40ஆம் நாளே தயார். ஆனால் முந்திய நாள்தான் கிடங்கு நாள். அடுத்த வாரம் வரை காத்திருந்து 46ஆம் நாள் ஒப்படைத்தார்கள். ஒரு நாள் தாமதம்.

இதிலிருந்து ஓர் எளிய கணக்குப் பிறக்கிறது. வாக்குக் கொடுத்தது 45 நாள். கிடங்கு நாளுக்காக அதிகபட்சம் 7 நாள் காத்திருக்க நேரலாம். பட்டறைக்கும் பேக்கிங்குக்கும் சேர்த்து 29 நாள். மிஞ்சுவது 9. ஆர்டர் வந்த 9 நாளுக்குள் முழுமையான ஜாப் கார்டு மேலே போய்விட்டால், அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதில்லை.

திருத்த வேண்டிய எல்லை இப்போது சுருங்கிவிட்டது. பர்ச்சேஸ் ஆர்டர் வருவதிலிருந்து முழுமையான ஜாப் கார்டு மேஸ்திரியின் கைக்குப் போவது வரை, அதாவது ஒன்று முதல் நான்கு வரையுள்ள படிகள் மட்டும். இந்தச் சிறு எல்லைக்கு மீண்டும் ஒரு சின்னத் தாள் போட்டோம். அதில் 'பெறுபவர்' பத்தியில் முதலில் வந்த பெயர் ஜெர்மனிக்காரர் அல்ல, மேஸ்திரி. அவர் அன்று வாயால் சொன்னவையே கார்டின் கட்டங்களாயின: நிற எண், பக்கிள் வகை, முத்திரை அச்சு, உள் துணி. இவற்றோடு லேபிள் வாசகம், பெட்டிக் குறி, கிடங்கு நாள் மூன்றும் சேர்ந்தன. ஏழில் ஒன்று வெற்றாக இருந்தாலும் கார்டு மேலே போகாது. விடுபட்டதை வாங்குபவரிடம் இரண்டாம் படியிலேயே, அதே நாளில், ஒரே கடிதத்தில் கேட்டுவிட வேண்டும். லேபிள் வரிக்கு எதிரே இருந்த கேள்விக்குறியை அழித்து 'வாங்குபவர்' என்று எழுதினார் மகள். 45 நாள் எந்த நாளிலிருந்து என்பதும் புரோஃபார்மாவில் ஏறியது.

அடுத்து வந்த எட்டு ஆர்டர்களில் ஏழுக்குக் கார்டு 7 நாளுக்குள் மேலே போயிற்று. ஓர் ஆர்டர் மட்டும் பிந்தியது. கான்பூரிலிருந்து தோல் வரப் பத்து நாள் ஆகிவிட்டது. அது வேறொரு தாளுக்குரிய விஷயம், அண்ணாச்சியின் கொள்முதல். பேக்கிங் இளைஞர் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். சாஃப்ட்வேர் வாங்கும் யோசனையை மகள் விடவில்லை. ஆனால் விற்க வருபவரிடம் என்னென்ன கட்டங்கள் வேண்டும் என்று சொல்ல இப்போது அவரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது.

நீங்கள் வரையும்போது

படம் சரியாக வந்ததா என்று பார்க்க மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது: தொடக்கத்துக்கும் முடிவுக்கும் பழைய ஆர்டர் ஒன்றை எடுத்துத் தேதி எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லையென்றால் எல்லை இன்னும் மங்கலாகவே இருக்கிறது.

இரண்டாவது: அதே ஆர்டரின் ஃபைலைப் புரட்டுங்கள். ஃபைலில் இருந்து தாளில் இல்லாத கடிதமோ படிவமோ இருந்தால் ஒரு வரவையோ போக்கையோ விட்டுவிட்டீர்கள். தாளில் இருந்து ஃபைலில் இல்லாதது இருந்தால், நடப்பதற்குப் பதிலாக நடக்க வேண்டியதை வரைந்திருக்கிறீர்கள். இந்த இரண்டாவது தவறுதான் அதிகம். முதலாளி பக்கத்தில் இருக்கும்போது, "ஆமாம், எல்லாவற்றையும் ஒப்பிட்டுத்தான் பார்க்கிறோம்" என்று சொல்லத் தோன்றும். ஃபைலுக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

மூன்றாவது: பெறுபவர் பத்தியில் உள்ள ஒருவரிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கஸ்டம்ஸ் புரோக்கரிடமோ வங்கியில் ஏற்றுமதி மேசை பார்ப்பவரிடமோ காட்டி, "எங்களிடமிருந்து வருவதில் அடிக்கடி எது குறைகிறது?" என்று கேளுங்கள். அவர்கள் அந்தக் குறையைத் தினமும் பார்ப்பவர்கள், கேட்டால் சொல்வார்கள்.

பயிற்சி: உங்கள் நிறுவனத்தில் கடைசியாகத் தாமதமான ஓர் ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தொடர்புடைய நான்கு பேரிடம் தனித்தனியாக, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காதபடி, "இந்த ஆர்டர் எந்தத் தேதியில் தொடங்கியது?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான்கு தேதிகளும் ஒன்றாக இருந்தால் நேராக இரண்டாம் படிக்குப் போகலாம். வேறுவேறாக இருந்தால், முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். அத்தனை நாளும் வாங்குபவரின் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தவை. உங்கள் கணக்கில் யாருடைய பொறுப்பிலும் இல்லாதவை. தாளின் முதல் வரியை அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.